பாலிங் பேச்சும் இரண்டு மேசைகளும்

கெடா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், தாய்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள சிறு நகரம் பாலிங். மலைகளும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த அந்த ஊரின் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் ஒரு பேச்சுவார்த்தை நடைபெற்றது. மேசையின் ஒரு பக்கத்தில் மலாயாக் கூட்டரசின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக் ஆகிய மூவரும் அமர்ந்தனர். மறுபக்கத்தில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங், அவருடைய தோழர்கள் சென் தியென், ரஷிட் மைடின் ஆகிய மூவரும் அமர்ந்தனர். ஏழாண்டுகளாக நீடித்த காட்டுப் போரை முடிக்க முடியுமா என்பதே அன்றைய கேள்வி.

அந்தப் பேச்சு தோல்வியில் முடிந்தது. ஆயினும் அடுத்த ஆறு வாரங்களுக்குள் துங்கு இலண்டனில் நடந்த வேறொரு பேச்சில் பெரும் வெற்றி பெற்றார். முதல் மேசையில் கிட்டிய தோல்வி இரண்டாவது மேசையில் அவருக்கு உதவியது என்பது வியப்பாகத் தோன்றலாம். நாடுகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தைகளை ஆராய்வோர் இதனை விளக்க ஒரு கருத்தைப் பயன்படுத்துகின்றனர். அதற்கு ‘இருநிலை ஆட்டம்’ என்று பெயர். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை விரிவாக எடுத்துரைத்தார்.

ஒரு நாட்டின் தலைவர் அயல்நாட்டுத் தலைவருடன் பேசும்போது அவர் முன்னால் ஒரு மேசைதான் இருப்பதாக வெளியில் தெரிகிறது. உண்மையில் அவருக்கு முதுகுப்புறத்திலும் ஒரு மேசை இருக்கிறது. அந்த இரண்டாம் மேசையைச் சுற்றி அவருடைய கட்சியினர், கூட்டணிக் கட்சிகள், ஆட்சியாளர்கள், முதலாளிகள், தொழிற்சங்கங்கள், வாக்காளர்கள் ஆகியோர் அமர்ந்திருக்கின்றனர். முன்மேசையில் அவர் ஒப்புக்கொள்ளும் எதையும் பின்மேசையில் உள்ளவர்களும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அவர் கையெழுத்திட்ட தாள் வெறும் தாளாகிவிடும். அவரும் பதவியை இழக்க நேரிடும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காணலாம். தோட்டத் தொழிற்சங்கத்தின் செயலாளர் கூலி உயர்வு கேட்டு முதலாளிகளின் பிரதிநிதியைச் சந்திக்கிறார். நாள் கூலி 3 வெள்ளிக்குக் குறைந்தால் உறுப்பினர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 3 வெள்ளி 20 காசுக்கு மேல் கொடுத்தால் கம்பெனியின் பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பது முதலாளிகளின் பிரதிநிதிக்குத் தெரியும். 3 வெள்ளிக்கும் 3 வெள்ளி 20 காசுக்கும் இடையில் எந்தத் தொகையில் உடன்பாடு ஏற்பட்டாலும் இரு தரப்பிலும் பின்னால் இருப்பவர்கள் அதனை ஏற்பார்கள். ஒருவர் தம் மக்களிடம் கொண்டுசென்று ஏற்கச் செய்யக்கூடிய உடன்பாடுகளின் பரப்பை அவருடைய ‘ஏற்பெல்லை’ எனலாம். இருவருடைய ஏற்பெல்லைகளும் ஓரிடத்திலாவது ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் உடன்பாடு பிறக்கும். உறுப்பினர்கள் 3 வெள்ளி 30 காசுக்குக் குறைய மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றால், செயலாளரும் முதலாளிகளின் பிரதிநிதியும் எத்துணை நல்லவர்களாக இருந்தாலும் உடன்பாடு கிட்டாது.

இந்த எடுத்துக்காட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஏற்பெல்லை குறுகியிருப்பது செயலாளருக்குச் சில வேளைகளில் வலிமையாகவும் அமையும். “எனக்கு 3 வெள்ளி போதும், ஆனால் கூட்டத்தில் 3 வெள்ளி 15 காசுக்குக் குறைவாகச் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்” என்று அவர் கூறலாம். அதனை மறுபக்கத்தினர் நம்பினால் 15 காசு கூடுதலாகக் கிடைக்கும். எனவே, கை கட்டப்பட்டிருப்பவன் பேரத்தில் சில வேளைகளில் கூடுதலாகப் பெறுகிறான். ஆனால், கட்டு மிக இறுக்கமாக இருந்தால் பேரமே முறிந்துபோகும். எந்த அளவுக்குக் கட்டு இருக்கிறது என்பதை எதிரில் இருப்பவர் சரியாகக் கணிக்க முடியாததால்தான் பேச்சுவார்த்தைகள் பல நாள்கள் இழுபடுகின்றன.

பின்மேசையை மறந்து முன்மேசையில் மட்டும் கையெழுத்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கெடா மாநிலமே ஒரு முறை கண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பிரிட்டன் மலாய் மாநிலங்களை ‘மலாயன் யூனியன்’ என்ற ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவர விரும்பியது. அதற்காக ஹெரால்ட் மெக்மைக்கல் என்பவர் 1945ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மாநிலம் மாநிலமாகச் சென்று சுல்தான்களிடம் கையெழுத்துப் பெற்றார். கெடாவின் சுல்தான் பட்லிஷா மிகுந்த நெருக்குதலுக்கு உள்ளாகியே கையெழுத்திட்டார். எல்லாச் சுல்தான்களும் கையெழுத்திட்டுவிட்டதால் வேலை முடிந்தது என்று இலண்டன் எண்ணியது. ஆனால், மலாய் மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். 1946ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்னோ கட்சி தோன்றியது. மலாயன் யூனியன் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு உருவானது. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் சுல்தான்களின் பின்னால் இருந்த மேசையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. துங்கு இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பது பின்னர் அவர் செய்த ஒரு கடற்பயணத்தால் தெரிகிறது.

துங்கு அப்துல் ரஹ்மான் 1903ஆம் ஆண்டு அலோர் ஸ்டாரில் பிறந்தவர். கெடா சுல்தானின் மகன். கூலிம் உள்ளிட்ட கெடா வட்டாரங்களில் மாவட்ட அதிகாரியாகவும் பணியாற்றியவர். 1955 ஜூலை 27ஆம் நாள் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கெடாவின் சுங்கை மூடா தொகுதியில் அவர் போட்டியிட்டார். அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகள் சேர்ந்த கூட்டணி, தேர்தல் நடந்த 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. விரைவில் சுதந்திரம் பெறுவோம் என்பதும், காட்டில் உள்ள போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கி அவசரகாலத்தை முடிப்போம் என்பதும் அக்கூட்டணி மக்களுக்கு அளித்த வாக்குறுதிகள்.

அவசரகாலம் முடிய வேண்டும் என்ற ஏக்கம் தோட்டங்களில் மிகுதியாக இருந்தது. 1948 ஜூன் மாதம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு தோட்டத்து வாழ்க்கை மாறிப்போனது. சிதறியிருந்த குடியிருப்புகள் ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில், பால் வெட்டப் போகும் தொழிலாளி பகல் உணவைக் கையில் எடுத்துச் செல்லக்கூட முடியாது. போராளிகளுக்குச் சோறு போய்ச் சேரும் என்று அதிகாரிகள் அஞ்சினர். வேலியின் வாசலில் சோதனை நடக்கும். காட்டிலிருந்து வருபவர்கள் அரிசி கேட்பார்கள். கொடுத்தால் காவல்துறையின் தண்டனை, கொடுக்காவிட்டால் போராளிகளின் தண்டனை என்ற நிலையில் மக்கள் வாழ்ந்தனர்.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1955 தேர்தலில் வாக்காளர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேல் மலாய்க்காரர்கள். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அப்போது குடியுரிமை பெறாதவர்கள். ஆகவே அவர்களுக்கு வாக்கில்லை. போர் முடிவதால் பெரிதும் பயனடையக்கூடியவர்கள் துங்குவின் பின்மேசையில் நேரடியாக இடம்பெறவில்லை. ம.இ.கா.வும் தொழிற்சங்கங்களும்தாம் அவர்களுக்காகப் பேசக்கூடியவையாக இருந்தன. பின்மேசையில் யாருக்கு நாற்காலி உண்டு, யாருக்கு இல்லை என்பது உடன்பாட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். இருநிலை ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இதனைப் பல நேரங்களில் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

பொதுமன்னிப்பு 1955 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சரணடைய வந்தவர்கள் மிகச் சிலரே. எனினும், சின் பெங் பேச்சுக்கு இணங்கினார். தாய்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள கிளியான் இந்தான் என்ற இடத்தில் முன்னோட்டச் சந்திப்புகள் நடந்தன. டிசம்பர் 28ஆம் நாள் காலையில் காட்டைவிட்டு வெளியே வந்த சின் பெங்கை வரவேற்க ஜான் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி காத்திருந்தார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இருவரும் காட்டில் ஒன்றாகப் போரிட்ட தோழர்கள். பழைய நட்பு சின் பெங்கைப் பாதுகாப்பாகப் பாலிங் வரை கொண்டுசேர்க்க உதவியது. உடன்பாட்டைக் கொண்டுவர அது போதவில்லை.

மேசையில் அமர்ந்த மூன்று முக்கியமானவர்களின் ஏற்பெல்லைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் காரணம் புரியும்.

சின் பெங் கேட்டவை இரண்டு. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி சட்டப்படியான கட்சியாக ஏற்கப்பட வேண்டும்; ஆயுதத்தைக் கீழே வைப்பவர்கள் தடுத்துவைக்கப்படாமலும் விசாரணைக்கு உட்படாமலும் சுதந்திரமாக நடமாட வேண்டும். அவர் பின்னாலும் ஒரு மேசை இருந்தது. ஏழாண்டுகள் காட்டில் பசியோடும் காய்ச்சலோடும் போரிட்ட ஆண்களும் பெண்களும் அங்கு இருந்தனர். ‘சரணடைந்தோம்’ என்ற சொல்லை அவர்களிடம் கொண்டுபோக அவரால் முடியாது. தடுப்பு முகாமில் அடைக்கப்படுவதற்காக ஆயுதத்தைப் போடுங்கள் என்று அவர் சொன்னால், அவருடைய தலைமையையே அவர்கள் கேள்விக்குள்ளாக்கியிருப்பார்கள்.

துங்குவுக்கும் அதே அளவு நெருக்கடி இருந்தது. போரில் மாண்ட காவலர்களிலும் சிறப்புக் காவலர்களிலும் பலர் மலாய்க்காரர்கள். அவர்களுடைய குடும்பங்களும் கம்பத்து மக்களுமே அவருடைய பெரும்பான்மை வாக்காளர்கள். கம்யூனிஸ்டுக் கட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டு அவர் கெடாவுக்குத் திரும்ப முடியாது. அதோடு, உள்நாட்டுப் பாதுகாப்பு அப்போது அவர் கையில் இல்லை. பிரிட்டிஷ் உயர் ஆணையரின் கையில் இருந்தது. துங்கு அதிகம் விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று பிரிட்டிஷார் அஞ்சினர். பொதுமன்னிப்பின் நிபந்தனைகளை விளக்குவதற்கு மட்டுமே செல்கிறார், பேரம் பேசச் செல்லவில்லை என்ற நிபந்தனையின் பேரில்தான் அவர் பாலிங் சென்றார். அவசரகாலம் நீடிப்பது இனிச் சுயாட்சிக்குத் தடையாகாது என்றும் பிரிட்டிஷ் தரப்பு பாலிங் பேச்சுக்கு முன்பே அறிவித்திருந்தது. இந்த அறிவிப்பு துங்குவின் நிலையை மாற்றியது. சின் பெங்குடன் உடன்பாடு கிட்டாவிட்டாலும் சுதந்திரம் தாமதமாகாது என்ற உறுதி அவருக்குக் கிடைத்தது. பேச்சு முறிந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடியவர் பேரத்தில் உறுதியாக நிற்பார். துங்கு அப்படியே நின்றார்.

டேவிட் மார்ஷலும் தம் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களை எண்ணியே பேசினார். சிங்கப்பூரில் இடதுசாரித் தொழிற்சங்கங்களும் மாணவர்களும் வலுப்பெற்றிருந்தனர். அவர்களுக்கு முன்னால் பிரிட்டிஷாரின் ஆள் என்று பெயர் வாங்க அவர் விரும்பவில்லை.

முதல் நாள் பேச்சில் இரு தரப்பும் தத்தம் நிலையிலிருந்து நகரவில்லை. சரணடைபவர்களில் நாட்டுக்கு விசுவாசமாக இருக்க விரும்பாதவர்கள் சீனாவுக்குச் செல்லலாம் என்று துங்கு கூறினார். சின் பெங் அதனைத் தீர்வாகக் கருதவில்லை. இரு ஏற்பெல்லைகளுக்கும் இடையே இருந்த இடைவெளி, கூலிப் பேச்சில் வரும் பத்துக் காசு இடைவெளியைப் போன்றதன்று. தொகையைப் பாதியாகப் பிரித்து நடுவில் சந்திக்கலாம். கட்சியை ஏற்பதா மறுப்பதா என்பதில் நடுவழி இல்லை.

இரண்டாம் நாள் ஒரு திருப்பம் ஏற்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்பும் படைகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டால், தம் தரப்பினர் உடனே சண்டையை நிறுத்தி, ஆயுதங்களைக் கீழே வைத்துவிடுவர் என்று சின் பெங் கூறினார். இது வாக்குறுதிதானா என்று துங்கு கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இலண்டனுக்குத் தாம் செல்லப்போவது அந்த அதிகாரத்தைக் கேட்பதற்காகத்தான் என்றும் தெரிவித்தார்.

துங்கு அந்த வாக்குறுதியை ஏன் அவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்டார்? சின் பெங் சொன்னதை அவர் முழுமையாக நம்பினாரா என்பது முக்கியமில்லை. அந்தச் சொற்கள் இலண்டனில் பயன்படும் என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். பாதுகாப்பு அதிகாரத்தைப் பிரிட்டன் தன் கையிலேயே வைத்துக்கொண்டால், போர் தொடர்வதற்குப் பிரிட்டனே காரணம் என்று மலாயா மக்கள் நினைப்பார்கள். வெறுங்கையோடு துங்கு திரும்பினால் அவருடைய கூட்டணி பலவீனமடையும். அந்த இடத்தைப் பிடிக்கக் காட்டில் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அவர் இதனை மிரட்டலாகக் கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 52 இடங்களில் 51 என்ற எண்ணிக்கையும் பாலிங்கில் பதிவான அந்த வாக்குறுதியும் தாமாகவே பேசின.

இலண்டன் செல்வதற்கு முன்னர் தம் பின்மேசையை ஒழுங்குபடுத்தும் வேலை எஞ்சியிருந்தது. தூதுக்குழுவில் எண்மர் இருந்தனர். துங்கு, அப்துல் ரசாக், டாக்டர் இஸ்மாயில், எச்.எஸ். லீ ஆகிய நால்வர் கூட்டணி அரசாங்கத்தின் சார்பிலும், மற்ற நால்வர் மலாய் ஆட்சியாளர்களின் சார்பிலும் சென்றனர். சுதந்திர நாட்டில் சுல்தான்களின் நிலை என்னவாகும் என்ற ஐயம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. இலண்டனில் இரு குழுவினரும் வெவ்வேறு குரலில் பேசினால், பிரிட்டிஷார் அந்த வேற்றுமையைப் பயன்படுத்திக்கொள்வர். விமானத்தில் நேராகச் சென்றிருந்தால் மனம்விட்டுப் பேச நேரம் இருந்திருக்காது. ஆகவே, 1956 ஜனவரி 1ஆம் நாள் குழுவினர் கப்பலில் ஏறிக் கராச்சி வரை சென்று, அங்கிருந்து விமானத்தில் இலண்டனை அடைந்தனர். கடலில் கழிந்த அந்த நாள்களில், சுல்தான்களின் நிலை காக்கப்படும் என்ற உறுதியின் அடிப்படையில் எண்மரும் ஒரே கோரிக்கையில் ஒன்றுபட்டனர். மெக்மைக்கல் தவிர்த்துவிட்ட அந்த உள்பேச்சை, பத்தாண்டுகளுக்குப் பின்னர் துங்கு கப்பல்தளத்தில் நடத்தி முடித்தார் எனலாம்.

இலண்டன் மாநாடு ஜனவரி 18ஆம் நாள் தொடங்கியது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் லெனொக்ஸ் போய்டுக்கும் ஒரு பின்மேசை இருந்தது. மலாயாவின் இரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தன. கெடா உட்பட மலாயாவின் பெருந்தோட்டங்களில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குப் பெருமளவு முதலீடு இருந்தது. பாதுகாப்புத் துறையினர் இப்பகுதியில் படைத்தளம் வேண்டும் என்றனர். கட்டாயப் படைப்பணியில் சேர்க்கப்பட்டு மலாயாக் காட்டுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் இளைஞர்களின் பெற்றோர்களும் இருந்தனர். இவர்கள் கேட்டவற்றுள் துங்குவால் தர முடியாதது மிகக் குறைவு. மலாயா ஸ்டெர்லிங் நாணய வட்டாரத்தில் நீடிக்கும். அயல்நாட்டு முதலீடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. சுதந்திரத்திற்குப் பின்னரும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்கீழ்ப் பிரிட்டிஷ் படைகள் இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேண்டியது நாளும் அதிகாரமும். இரு ஏற்பெல்லைகளும் இங்கு அகலமாகவே ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

பிப்ரவரி 8ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தானது. தற்செயலாக அன்று துங்குவின் 53ஆவது பிறந்த நாள். உள்நாட்டுப் பாதுகாப்பும் நிதியும் உடனே மலாயா அமைச்சர்களிடம் வரும். இயன்றால் 1957 ஆகஸ்டு மாதத்திற்குள் முழுச் சுதந்திரம் வழங்கப்படும் என்று அது கூறியது. நாடு திரும்பிய துங்கு, பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காவில் திரண்டிருந்த மக்களிடம் அச்செய்தியை அறிவித்தார். ‘இயன்றால்’ என்ற சொல்லைப் பற்றி அங்கு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாளைப் பொதுமக்கள் முன்னிலையில் அறிவித்த பின்னர், அதிலிருந்து பின்வாங்குவது துங்குவுக்கும் கடினம், பிரிட்டனுக்கும் கடினம். பின்மேசைக்கு அறிவிப்பதும் முன்மேசையில் ஓர் ஆட்டம்தான்.

பாலிங்கில் துங்குவின் பக்கத்தில் அமர்ந்திருந்த மார்ஷல் சில மாதங்கள் கழித்து அதே இலண்டனுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினார். இந்த வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. அவரும் உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரத்தையே கேட்டார். கிடைக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று முன்கூட்டியே அறிவித்துத் தம் கைகளைக் கட்டிக்கொண்டார். ஆனால், அவருடன் சென்ற பதின்மூவர் குழுவில் பல கட்சியினர் இருந்தனர். அவர்களிடையே ஒற்றுமை இல்லை. அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் நடந்த சுதந்திரப் பேரணி குழப்பத்தில் முடிந்திருந்தது. அவர் கையெழுத்திட்டாலும் அதனை ஊரில் நிறைவேற்ற அவரால் முடியுமா என்று பிரிட்டிஷார் ஐயுற்றனர். சிங்கப்பூர்த் தளத்தின்மீது அவர்களுக்கு இருந்த கவலையும் பெரிது. கை கட்டப்பட்டிருப்பது வலிமை தருவதற்கு, பின்மேசை தம் சொல்லைக் கேட்கும் என்று எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும். துங்குவிடம் அந்த நம்பிக்கை இருந்தது, மார்ஷலிடம் இல்லை. 1956 ஜூன் மாதம் அவர் சொன்னபடி பதவி விலகினார்.

சின் பெங்கின் வாக்குறுதி என்ன ஆனது? இலண்டன் உடன்பாடு கையெழுத்தான அதே பிப்ரவரி 8ஆம் நாளோடு பொதுமன்னிப்பு முடிவுக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரம் துங்குவின் கைக்கு வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பை அவரே ஏற்றார். ஆயுதங்கள் கீழே வைக்கப்படவில்லை. பாலிங்கில் தீராத கேள்விகள், அதாவது கட்சி ஏற்கப்படுமா, தடுப்புக்காவல் இருக்குமா என்பவை, அப்படியே இருந்தன. 1957இல் சுதந்திரத்திற்குப் பின்னர் சின் பெங் மீண்டும் பேச விரும்பினார். இம்முறை துங்குவின் பின்மேசை மாறியிருந்தது. இலண்டனில் பயன்படுத்த அவருக்கு வாக்குறுதி எதுவும் தேவைப்படவில்லை. சுதந்திரத்தை வாங்கித் தந்தவர் என்ற செல்வாக்கும் அவரிடம் இருந்தது. சரணடைவதைத் தவிர வேறு எதையும் பேச அவர் இணங்கவில்லை. 1955இல் இரு ஏற்பெல்லைகளுக்கும் இடையே இருந்த இடைவெளி இரண்டாண்டுகளில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது. எஞ்சிய போராளிகள் தாய்லாந்து எல்லைப் பகுதிக்குள் சென்றனர். தோட்டங்களில் இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. பால் வெட்டச் செல்பவர்கள் சோற்றைக் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது. சின் பெங் மீண்டும் ஒரு பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து கையெழுத்திட்டது 1989 டிசம்பர் 2ஆம் நாள். பாலிங்கிலிருந்து எல்லையைத் தாண்டினால் எட்டிவிடக்கூடிய தென்தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் அது நடந்தது. அன்றைய உடன்பாட்டில் ‘சரணடைதல்’ என்ற சொல் இடம்பெறவில்லை.